டப்பாவில் கலந்து கிடக்கும் பழைய மருந்துகள்: பிரிப்பதும் திருப்பிக் கொடுப்பதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மருந்தாளுநர். மருந்துக் கடைக் கவுண்டரில் பல வருடங்கள் நின்றிருக்கிறேன். பழைய மருந்தைப் பையில் அள்ளிக்கொண்டு வந்தவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

மாமியார் தவறி மூன்று மாதம் ஆகிறது. அவர்களுடைய மருந்து டப்பாவில் என்னென்னவோ கலந்து கிடக்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

தரையில் பழைய செய்தித்தாளை விரித்து டப்பாவை அதன்மேல் கவிழ்த்துவிடுங்கள். குழந்தைகள் பள்ளிக்குப் போயிருக்கும் நேரமாக இருந்தால் நல்லது. "இது சர்க்கரைக்கு, இது பிரஷருக்கு" என்று நோய்வாரியாகப் பிரிக்க வேண்டாம். வீட்டில் பெரும்பாலும் அப்படித்தான் தொடங்குவார்கள், பாதியில் குழம்பி எல்லாவற்றையும் மறுபடி டப்பாவிலேயே போட்டு மூடிவிடுவார்கள். மருந்து எந்த நோய்க்கு வாங்கியது என்பதால் அதை அகற்றும் வழி மாறுவதில்லை. அது என்ன வடிவில் இருக்கிறது, தவறான கையில் போனால் என்ன செய்யும் என்ற இரண்டையும் பார்த்தால் போதும்.

ஆறு குவியல் போடுங்கள். மாத்திரை, கேப்சூல், களிம்பு எல்லாம் முதல் குவியல். சிரப், சொட்டு மருந்து போன்ற திரவங்கள் இரண்டாவது. குத்தக்கூடியதும் உடையக்கூடியதும், அதாவது ஊசி, இன்சுலின் பேனா, பாதரசத் தெர்மாமீட்டர், மூன்றாவது. அழுத்தத்தில் அடைத்த இன்ஹேலர், ஸ்பிரே நான்காவது. கடும் வலி மாத்திரைகளும் அவற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய சிலவும் ஐந்தாவது. புற்றுநோய் வகை மருந்துகள் ஆறாவது. கடைசி இரண்டும் சின்னக் குவியல்களாகத்தான் இருக்கும். ஆனால் தவறு நடந்தால் பெரிய விலை கொடுக்க வேண்டியது அவற்றில்தான், அதனால் முதலில் அவற்றைத் தேடி எடுத்து வையுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிதுக்கி ஒரே டப்பாவில் கொட்டாதீர்கள். பெயர் போய்விட்டால் எது எந்தக் குவியல் என்று அப்புறம் யாராலும் சொல்ல முடியாது.

எது எந்தக் குவியல் என்று எனக்கு எப்படித் தெரியும்? பெயரெல்லாம் வாயில் நுழையவில்லை.

அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதை விட்டுவிடுங்கள். அதற்குக் கீழேயோ பின்பக்கமோ பொடி எழுத்தில் "ஒவ்வொரு மாத்திரையிலும் அடங்கியது" என்று தொடங்கி உள்ளே இருக்கும் மருந்தின் பெயரும் மில்லிகிராமும் இருக்கும். நமக்கு வேண்டியது அந்த வரிதான். செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள்.

அடுத்து குறியீடுகள். இடது மேல் மூலையில் ‘ஆர்எக்ஸ்’ என்று இருந்தால் மருத்துவர் சீட்டு தேவைப்படும் மருந்து. அதுவே ‘என்ஆர்எக்ஸ்’ என்று சிவப்பில் இருந்தால் போதைப்பொருள், மனநோய் மருந்துச் சட்டத்தின் கீழ் வருவது. ‘எக்ஸ்ஆர்எக்ஸ்’ இருந்தால் இன்னும் கடுமையான கட்டுப்பாடு உள்ளது. இந்த இரண்டில் ஒன்றைப் பார்த்தால் அந்த அட்டையைத் தனியாக எடுத்து வைத்து, உள்ளடக்க வரியை மறுபடி ஒருமுறை படியுங்கள்.

அட்டையின் நீளத்துக்கு ஓடும் சிவப்புக் கோட்டைப் பார்த்து நிறையப் பேர் பயந்துவிடுகிறார்கள். "சீட்டு இல்லாமல் வாங்கிச் சாப்பிடாதே" என்பதுதான் அதன் பொருள். அகற்றுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஒரு டப்பாவை முழுக்கப் பிரித்த கதையைச் சொல்லுங்களேன். அப்போதுதான் புரியும்.

எங்கள் பெரியம்மா இறந்த பிறகு அவருடைய பிஸ்கட் டின்னை நானும் அக்காவும் பிரித்தோம். பெரியம்மாவுக்குச் சர்க்கரை, ஆஸ்துமா, மூட்டு வாதம் மூன்றும் இருந்தன. கடைசி வருடத்தில் இடுப்பு எலும்பும் முறிந்தது. டின்னில் 38 உருப்படிகள்: 21 மாத்திரை அட்டைகள், 6 பாட்டில்கள், 3 களிம்பு, 2 இன்ஹேலர், பயன்படுத்தாத 3 இன்சுலின் குப்பி, பயன்படுத்திய ஊசிகள் போட்ட ஒரு பவுடர் டப்பா, ஒரு தெர்மாமீட்டர், அப்புறம் மாட்டுக்கு வாங்கிய ஒரு மருந்துப் பொட்டலம்.

அட்டைகளை முதலில் எடுத்தோம். எலும்பு முறிவுக்குக் கொடுத்தவற்றில் இரண்டு அட்டைகள் பார்க்கச் சாதாரண வலி மாத்திரை போலவே இருந்தன. பின்பக்கம் படித்தால் பாரசிட்டமாலோடு ட்ரமடால் சேர்ந்திருக்கிறது. தூக்கம் வராததற்குக் கொடுத்த ஒரு அட்டையில் டயஸிபாம். இந்த மூன்றும் ஐந்தாவது குவியலுக்குப் போயின. மூட்டு வாதத்துக்கு வாரம் ஒருமுறை சாப்பிட்ட இரண்டு அட்டைகள் மெத்தோட்ரெக்சேட். அது புற்றுநோய்க்கும் கொடுக்கும் மருந்து, ஆகவே ஆறாவது குவியல். "பெரியம்மாவுக்கு கேன்சர் இல்லையே" என்று அக்கா கேட்டார். நோயை வைத்துப் பிரிக்க வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

மீதி 16 அட்டைகளில் 9 காலாவதி ஆனவை, 4 தேதி இருந்தும் இனி யாருக்கும் வேண்டாதவை, 3 அட்டைகளில் தேதி இருந்த முனையே இல்லை. மூன்று வகையும் களிம்போடு சேர்ந்து ஒரே குவியல்தான். பாட்டில்களில் இரண்டு இருமல் சிரப், ஒரு வயிற்றெரிச்சல் மருந்து, பேரனுக்குத் தண்ணீர் கலந்து வைத்த ஒரு ஆன்டிபயாட்டிக், இரண்டு கண் சொட்டு. தேதிப்படி பார்த்தால் ஒரு கண் சொட்டுக்கு இன்னும் எட்டு மாதம் இருந்தது. மூடியைத் திறந்தால் சீல் உடைந்திருந்தது, எப்போது உடைத்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. அதையும் திரவக் குவியலில் போட்டோம்.

இதற்கெல்லாம் முக்கால் மணி நேரம் ஆனது. பாதி நேரம் பொடி எழுத்தைப் படிப்பதில்தான் போனது.

அட்டையை வெட்டிக் கொடுத்ததில் எக்ஸ்பயரி இருந்த பக்கம் போய்விட்டது. அதை வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம், காலாவதி ஆனதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். தேதியும் பேட்ச் எண்ணும் பெரும்பாலும் அட்டையின் ஒரு முனையில் அழுத்தி அடிக்கப்பட்டிருக்கும். நான்கு மாத்திரை கேட்டால் கடைக்காரர் வெட்டும்போது அந்த முனை அவரிடமே தங்கிவிடும். இனிமேல் வாங்கும்போது தேதி எந்த முனையில் இருக்கிறது என்று பார்த்து, வெட்டிய துண்டில் பேனாவால் மாதமும் வருடமும் எழுதித் தரச் சொல்லுங்கள். பில்லிலும் பேட்ச் எண்ணும் தேதியும் இருக்கும், பில்லைத் தூக்கிப் போடாமல் இருந்தால் அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

‘08/2025’ என்று போட்டிருந்தால் ஆகஸ்ட் முதல் தேதியோடு முடிந்ததா, கடைசித் தேதி வரைக்குமா?

கடைசித் தேதி வரை, அதாவது ஆகஸ்ட் 31. ஆனால் அந்தத் தேதி திறக்காத, சொன்னபடி வைத்த மருந்துக்கு மட்டும்தான் பொருந்தும். தண்ணீர் கலக்கும் ஆன்டிபயாட்டிக் பொடியின் பாட்டிலில் "கலந்த பின் இத்தனை நாளுக்குள் பயன்படுத்தவும்" என்று தனி வரி இருக்கும். பல மருந்துகளுக்கு அது ஏழு நாள்தான். பாட்டிலின் அடியில் இருக்கும் தேதி உலர்ந்த பொடிக்கு உரியது. கண் சொட்டு மருந்திலும் "திறந்து ஒரு மாதத்துக்குப் பிறகு பயன்படுத்தாதே" என்பது பொதுவாக இருக்கும். திறந்த நாளை யாரும் எழுதி வைப்பதில்லை என்பதால் டப்பாவில் அகப்படும் திறந்த கண் சொட்டு எல்லாமே கழிவுதான்.

லேபிளில் "திருப்பிக் கொடுக்கவும்" என்று எங்கேயும் போடவில்லையே. அப்படியானால் குப்பையில் போடச் சொல்கிறார்களா?

இந்திய லேபிள் இந்த விஷயத்தில் பேசாமல் இருக்கிறது, அவ்வளவுதான். எப்படி வைக்க வேண்டும், குழந்தைக்கு எட்டாமல் வை, சீட்டு இல்லாமல் விற்காதே என்பதெல்லாம் இருக்கும். மிச்சம் ஆனதை என்ன செய்வது என்று பெரும்பாலான அட்டைகளில் ஒரு சொல் கூட இருக்காது. பெட்டிக்குள் மடித்து வைத்த தாளில் சிலவற்றில் "பயன்படுத்தாத மருந்தை உள்ளூர் விதிகளின்படி அகற்றவும்" என்று ஒரு வரி வரும். அது டாக்டருக்கும் மருத்துவமனைக்கும் எழுதியது. வீட்டில் இருப்பவருக்கு அதில் வழி எதுவும் கிடைக்காது.

ஆனால் லேபிளில் இருக்கும் வேறு சில வரிகள் மறைமுகமாக நமக்கு உதவும். இன்ஹேலரில் "காலியானதாகத் தெரிந்தாலும் துளைக்காதே, எரிக்காதே" என்று இருக்கும். அது அகற்றுவதைப் பற்றிய எச்சரிக்கைதான். "வெளிப்பூச்சுக்கு மட்டும்" என்று இருந்தால் உள்ளே போனால் நஞ்சு என்று பொருள். ‘நாட் ஃபார் சேல்’ என்று அரசு மருத்துவமனை அட்டையிலும் டாக்டருக்கு வரும் மாதிரி அட்டையிலும் இருக்கும். அதை விற்கக் கூடாது என்பதுதான் அதன் பொருள், திருப்பிக் கொடு என்பதல்ல. மாட்டு மருந்தில் "மனிதருக்கு அல்ல, கால்நடைச் சிகிச்சைக்கு மட்டும்" என்ற வரியும் விலங்கின் தலைப் படமும் இருக்கும். பெரியம்மா டின்னில் அதைப் பார்த்துத்தான் பொட்டலத்தைத் தனியாக எடுத்தோம். பழைய மாட்டு மருந்தில் டைக்ளோஃபெனாக் என்ற பெயர் இருந்தால், "மாட்டுக்குப் போட்டுத் தீர்த்துவிடலாம்" என்று நினைக்கவே வேண்டாம். அது போட்ட மாடு செத்து, அதைத் தின்ற பாறுக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக அழிந்ததால் 2006-இல் கால்நடைக்கு அதைத் தடை செய்தார்கள். முதுமலைப் பக்கம் இருக்கும் கொஞ்சம் கழுகுகளையாவது நாம் காப்பாற்ற வேண்டும்.

மருந்துக் கடை பில்லில் "விற்ற மருந்து திரும்பப் பெறப்படாது" என்று அடித்திருக்கிறது. கடைக்காரர்கள் கம்பெனிக்குக் காலாவதி மருந்தைத் திருப்பி அனுப்புகிறார்களே, நம்முடையதையும் அதோடு அனுப்பக் கூடாதா?

"திருப்புவது" என்ற ஒரே சொல்லுக்கு இங்கே மூன்று அர்த்தம் இருக்கிறது. மூன்றையும் பிரித்துக்கொண்டால் கடையில் சண்டை வராது.

முதலாவது, காசுக்காகத் திருப்புவது. பில்லில் இருக்கும் வரி இதைப் பற்றியது. உங்கள் வீட்டில் அலமாரி வெயிலில் இருந்ததா, இன்சுலின் பிரிட்ஜுக்கு வெளியே கிடந்ததா என்று கடைக்காரருக்குத் தெரியாது. அப்படிப் போய் வந்த அட்டையை அடுத்தவருக்கு விற்பது ஆபத்து. வெட்டிய அட்டையையும் பிரிட்ஜ் மருந்தையும் வாங்க மறுக்கும் கடைக்காரர் சரியாகத்தான் செய்கிறார்.

இரண்டாவது, கடைக்காரர் மொத்த வியாபாரிக்குத் திருப்புவது. தேதி முடிந்த சரக்கைக் கடையில் விற்பனைச் சரக்கோடு வைக்கக் கூடாது என்பது மருந்து விதி. திருப்பி அனுப்பும் வரைக்கும் தனிப் பெட்டியில், மேலே ‘நாட் ஃபார் சேல்’ என்று பெரிதாக எழுதி வைத்திருக்க வேண்டும். நல்ல கடைகளில் கவுண்டருக்கு அடியில் அந்தப் பெட்டியைப் பார்க்கலாம். அங்கிருந்து போகும் ஒவ்வொரு அட்டைக்கும் வாங்கிய பில், பேட்ச் எண் கணக்கு உண்டு. உங்கள் வீட்டு அரை அட்டை அந்தக் கணக்கில் எங்கேயும் சேராது, அதனால் அந்தப் பெட்டியில் அதைப் போட அவருக்கு வழியில்லை.

மூன்றாவது, அழிப்பதற்காகத் திருப்புவது. நமக்கு வேண்டியது இதுதான். இதை எல்லாக் கடைகளும் செய்ய வேண்டும் என்ற கட்டாயம் நம் நாட்டில் இன்னும் வரவில்லை. மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025 மே மாதம் வெளியிட்ட வழிகாட்டுதலில், மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் மருந்து வணிகர் சங்கங்களும் சேர்ந்து இப்படி வாங்கும் இடங்களை அமைக்கலாம் என்று சொல்லியிருக்கிறது. கேரளத்தில் கோழிக்கோட்டில் ‘என்ப்ரவுட்’ என்ற பெயரில் வீட்டு மருந்தைச் சேகரிக்கும் திட்டத்தை 2025-இல் தொடங்கினார்கள். அது நம் ஊருக்கும் வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். ஆகவே கடையில் கேட்கும்போது "இதைத் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா" என்று கேட்காமல், "அழிப்பதற்காகப் பழைய மருந்தை வாங்கி வைக்கிறீர்களா, காசு வேண்டாம்" என்று கேளுங்கள். கேள்வியை மாற்றினாலே பதில் மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

மகன் லண்டனிலிருந்து கொண்டுவந்த மாத்திரைத் தாளில் "மருந்தாளுநரிடம் கேளுங்கள்" என்று இருக்கிறது. அது இங்கே பொருந்துமா?

பிரிட்டனிலும் ஐரோப்பிய நாடுகளிலும் நோயாளிக்கான தாளில் அநேகமாக ஒரே வாசகம் இருக்கும்: மருந்தைக் கழிவுநீரிலோ வீட்டுக் குப்பையிலோ போடாதீர்கள், வேண்டாததை எப்படி அகற்றுவது என்று மருந்தாளுநரிடம் கேளுங்கள், இது சுற்றுச்சூழலைக் காக்க உதவும். அங்கே அந்த வரிக்குப் பின்னால் ஓர் ஏற்பாடு இருக்கிறது. லண்டனில் எந்த மருந்துக் கடைக்குப் போனாலும் வீட்டில் மிஞ்சியதை இலவசமாக வாங்கிக்கொண்டு எரியூட்ட அனுப்புவார்கள். மகன் திரும்பிப் போகும்போது அங்கேயே கொடுத்துவிடச் சொல்லுங்கள். இங்கேயே வைக்க வேண்டியிருந்தால் மேலே சொன்ன குவியல்களில்தான் சேரும். தாளில் இருக்கும் "கழிவுநீரில் போடாதே" என்பதை மட்டும் இங்கேயும் அப்படியே பின்பற்றலாம், அடுத்த கேள்வியில் வரும் சிலவற்றைத் தவிர.

சில மாத்திரைகளைக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றச் சொல்கிறார்கள். சிலர் கூடவே கூடாது என்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரி, வேறு வேறு மருந்துக்கு. நான் சொன்ன 2025 வழிகாட்டுதலில் 17 பெயர்கள் கொண்ட ஒரு பட்டியல் இருக்கிறது. அவற்றை மட்டும் கழிவறையில் போடலாம். நம் ஊர் வீடுகளில் அகப்படக்கூடியவை அதில் சிலதான்: ட்ரமடால், டேபென்டடால், மார்ஃபின், ஃபென்டனில் ஒட்டுப்பட்டை, ப்யூப்ரெனார்ஃபின், டயஸிபாம், பிள்ளைகளின் கவனக்குறைவுக்குக் கொடுக்கும் மெத்தில்ஃபெனிடேட். இவற்றில் சிலவற்றை ஒரே ஒரு தடவை குழந்தை வாயில் போட்டாலும் மூச்சு நின்றுவிடக்கூடும். வீட்டில் கிடக்கும் ஆபத்தோடு ஒப்பிட்டால் கொஞ்சம் மருந்து தண்ணீரில் போவது சிறிய கெடுதல் என்பதுதான் இதன் கணக்கு.

தூக்க மாத்திரை எல்லாமே இதில் சேரும் என்று நினைத்துவிடாதீர்கள். டயஸிபாம் பட்டியலில் இருக்கிறது. அல்பிரஸோலாம், குளோனஸிபாம் இல்லை. அவை மாத்திரைக் குவியலோடு போக வேண்டியவை, ஆனால் கொடுக்கும் நாள் வரை பூட்டி வையுங்கள்.

பெரியம்மாவின் மூன்று அட்டைகளில் 6, 4, 5 என்று 15 மாத்திரைகள் இருந்தன. அட்டையிலிருந்து பிதுக்கி, எண்ணி, கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினோம். காலி அட்டை உலர்ந்த குப்பைக்குப் போனது. ஃபென்டனில் ஒட்டுப்பட்டை இருந்தால், மூன்று நாள் ஒட்டி எடுத்ததிலும் கணிசமான மருந்து மிஞ்சியிருக்கும். பசைப்பக்கம் உள்ளே வருமாறு ஒன்றோடொன்று ஒட்டும்படி மடித்து, உடனே கழிவறையில் போடுங்கள். வலி நிவாரண சிகிச்சை மையத்திலிருந்து மார்ஃபின் வாங்கியிருந்தால் முதலில் அந்த மையத்துக்கே போன் போட்டுக் கேளுங்கள். அங்கே கணக்கு வைத்திருப்பார்கள், பலர் திரும்ப எடுத்துக்கொள்ளவும் தயாராக இருப்பார்கள்.

ஆன்டிபயாட்டிக், ஹார்மோன், சர்க்கரை, பிரஷர் மாத்திரை எதையும் கழிவறையில் போடக் கூடாது. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்கள் இவற்றைப் பிரித்தெடுப்பதற்காகக் கட்டப்பட்டவை அல்ல. ஆன்டிபயாட்டிக் கழிவுநீரில் கலந்தால் அதற்குச் சாகாத கிருமிகள் வளர அதுவே இடம் கொடுக்கும்.

மெத்தோட்ரெக்சேட், கேன்சர் மாத்திரை மிஞ்சியிருக்கிறது. தொடவே பயமாக இருக்கிறது.

அட்டையில் இருக்கும் வரைக்கும் பயப்பட ஒன்றுமில்லை. உடைக்கவோ பொடிக்கவோ மட்டும் கூடாது. கர்ப்பிணிகள் இந்தக் குவியலைத் தொடாமல் இருப்பது நல்லது. உதிர்ந்த மாத்திரை ஏதாவது டப்பாவில் கிடந்தால் கையுறை போட்டு எடுத்து ஜிப் கவரில் போடுங்கள். அட்டைகளை இன்னொரு கவரில் போட்டு, மேலே "புற்றுநோய் மருந்து" என்று எழுதி, மருந்து கொடுத்த மருத்துவமனைக்கு எடுத்துப் போங்கள். மருத்துவக் கழிவு விதிகள் 2016-இன்படி இந்த வகை மருந்து கம்பெனிக்குத் திரும்பப் போக வேண்டும், இல்லையென்றால் 1200 டிகிரி செல்சியஸுக்கு மேல் எரியும் உலைக்குப் போக வேண்டும். மருத்துவமனைகளில் அதற்கான மஞ்சள் பை ஏற்கெனவே இருக்கிறது. வீட்டிலிருந்து வருவதை வாங்கத்தான் வேண்டும் என்று விதி அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை, ஆகவே மருந்தகத்திலோ செவிலியரிடமோ கனிவாகக் கேளுங்கள். எங்களுக்கு முதல் இடத்தில் முடியாது என்றார்கள், இரண்டாவது இடத்தில் இரண்டே நிமிடத்தில் வாங்கிக்கொண்டார்கள். இதைக் கழிவறையிலும் போடக் கூடாது, சாதாரணக் குப்பையிலும் போடக் கூடாது.

இன்சுலின் ஊசி, இன்ஹேலர், பழைய தெர்மாமீட்டர் – இதெல்லாம்?

பயன்படுத்திய ஊசியைத் துணியால் சுற்றிக் குப்பையில் போடுவது தூய்மைப் பணியாளரின் கையைக் குத்தும். கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில், திருகு மூடியோடு, முக்கால் பங்கு நிரம்பும் வரை போடுங்கள். அப்புறம் மூடியை டேப் ஒட்டி "ஊசி" என்று தமிழில் பெரிதாக எழுதிக் கொடுங்கள். ஊசிக்கு மூடி போட முயன்றுதான் பலரும் குத்திக்கொள்கிறார்கள், அதனால் கழற்றிய ஊசியை நேராக டப்பாவுக்குள் விட்டுவிடுங்கள். பெரியம்மாவின் பவுடர் டப்பா மெலிந்தது, பக்கவாட்டில் இரண்டு முனைகள் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. அதை அப்படியே வேறொரு தடித்த டப்பாவுக்குள் வைத்து மூடினோம். பயன்படுத்தாத இன்சுலின் குப்பிகள் திரவக் குவியலில் சேரும்.

இன்ஹேலரைத் துளைக்கவோ தீயில் போடவோ கூடாது, வெடிக்கும். தெர்மாமீட்டர் உடையாமல் இருந்தால் அதன் உறையிலேயே வைத்து, தனி டப்பாவில் கொடுங்கள்.

எல்லாவற்றையும் பிரித்தாயிற்று. யாரிடம் கொடுப்பது?

திடக்கழிவு விதிகள் 2016-இல் வீட்டு அபாயக் கழிவு என்ற தனிப் பிரிவில் காலாவதி மருந்து, உடைந்த தெர்மாமீட்டர், பயன்படுத்திய ஊசி மூன்றும் பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டிருந்தன. நகரத்தில் 20 சதுர கிலோமீட்டருக்கு ஒன்று என்ற கணக்கில் இதைப் பெறும் மையம் உள்ளாட்சி வைக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. அதற்குப் பதிலாக 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய விதிகள் வீட்டுக் குப்பையை நான்காகப் பிரிக்கச் சொல்கின்றன. மருந்து அதில் சிறப்புக் கவனம் தேவைப்படும் கழிவு.

விதியில் இருப்பது தெருவில் கிடைக்க வேண்டுமே! உங்கள் வார்டு சுகாதார ஆய்வாளரிடமோ குப்பை வண்டி மேற்பார்வையாளரிடமோ "வீட்டு அபாயக் கழிவு எந்த நாளில், எங்கே வாங்குகிறீர்கள்" என்று இந்தச் சொல்லைப் பயன்படுத்தியே கேளுங்கள். "பழைய மாத்திரை" என்று கேட்டால் "வண்டியில் போடுங்கள்" என்ற பதில்தான் வரும். கொடுக்கும்போது குவியல் குவியலாகத் தனிக் கவரில், மேலே என்ன என்று எழுதிக் கொடுங்கள். மருந்தின் பெயர் தெரியட்டும், நோயாளியின் பெயரும் போன் எண்ணும் இருந்தால் அவற்றை மட்டும் மையால் அடியுங்கள்.

நாங்கள் கிராமத்தில் இருக்கிறோம். அப்படி எந்த மையமும் இல்லை. எரித்துவிடலாமா?

எரிக்காதீர்கள். மாத்திரை அட்டை பெரும்பாலும் அலுமினியமும் பிவிசி பிளாஸ்டிக்கும் சேர்ந்தது. பிவிசி திறந்த தீயில் எரிந்தால் அமிலப் புகையும் டையாக்சினும் வரும். அந்தச் சூட்டில் மருந்தும் முழுதாக அழியாது. கிணற்றடியில் குழி வெட்டிப் புதைப்பதும் வேண்டாம், மழையில் ஊறித் தண்ணீருக்குத்தான் போகும்.

முதலில் கொஞ்சம் பொறுங்கள். அட்டையில் இருக்கும் மாத்திரை பூட்டிய டப்பாவில் சில மாதம் இருந்தால் ஒன்றும் ஆகாது. மாவட்டத் தலைநகருக்குப் போகும் நாளில் கையோடு எடுத்துப் போகலாம். அதற்கும் வழி இல்லை என்றால், முதல் இரண்டு குவியலுக்கு மட்டும் இப்படிச் செய்யலாம். மாத்திரைகளைப் பொடிக்காமல் அட்டையிலிருந்து எடுத்து, ஈரமான டீத்தூள் சக்கையோ மண்ணோ சாணமோ கலந்து, யாரும் எடுத்து வாயில் வைக்க முடியாதபடி ஆக்குங்கள். ஒரு பங்கு மாத்திரைக்கு மூன்று நான்கு பங்கு சக்கை இருக்கட்டும். கெட்டியான கவரில் போட்டுக் கட்டி, இன்னொரு கவரிலும் போட்டுக் குப்பையில் சேருங்கள். சிரப்பையும் அதே சக்கையில் ஊற்றி உறிஞ்ச விடலாம். ஒரு 100 மில்லி பாட்டிலுக்கு இரண்டு கைப்பிடி மரத்தூள் போதும். காலி அட்டையைக் கத்தரித்து, பாட்டில் லேபிளைக் கிழித்துப் போடுங்கள். பழைய அட்டையில் புதுத் தேதி அடித்து விற்பவர்களுக்கு முழு அட்டையும் முழு பாட்டிலும்தான் தேவை.

ஊசி, இன்ஹேலர், தெர்மாமீட்டர், புற்றுநோய் மருந்து நான்குக்கும் இந்த வழி கிடையாது. அவை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ மருத்துவமனைக்கோதான் போக வேண்டும்.

தேதி இருக்கிற நல்ல மாத்திரையைத் தூக்கிப்போட மனசு வரவில்லை. பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாமா?

உங்கள் மனசு புரிகிறது, அதில் சில அட்டைகள் ஆயிரக்கணக்கில் விலை. ஆனாலும் நேராகக் கொடுக்காதீர்கள். பெரியம்மாவின் நான்கு நல்ல அட்டைகளில் ஒன்று சர்க்கரை மாத்திரை. பக்கத்து வீட்டு அம்மா அதே சர்க்கரைக்குத்தான் கேட்டார். அவருடைய சீட்டை வாங்கிப் பார்த்தால் அதே மருந்து, ஆனால் அவர் சாப்பிடுவது பாதி அளவு. சாப்பிட்டிருந்தால் ராத்திரி சர்க்கரை இறங்கி மயங்கியிருப்பார். வெட்டாத முழு அட்டை, ஆறு மாதத்துக்கு மேல் தேதி, பிரிட்ஜ் தேவைப்படாதது என்ற மூன்றும் இருந்தால், உங்களைப் பார்க்கும் டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். யாருக்கு ஆகும் என்று அவர் முடிவு செய்யட்டும். மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் அது மாத்திரைக் குவியலில் சேரட்டும்.